230 வோல்ட்காரனும் 9 வோல்ட் பேட்டரியும்

எலக்ட்ரீஷியன் வேலையில் ஊறியவர்கள் பேட்டரியில் ஓடும் வண்டி ஒன்றைக் கட்ட உட்கார்ந்தால், முதலில் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பரேலில் ஒரு மில்லில் வயர்மேனாகச் சேர்ந்தவன் நான். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில் வேலை போனதும், சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் கட்டட வயரிங் எடுத்துச் செய்து வயதைக் கழித்தேன். 440 வோல்ட் பேனலைத் திறந்து வேலை பார்த்தவனுக்கு 9 வோல்ட் பேட்டரி என்ன செய்துவிடும்?

ரோவர் ஆசை என் பேத்திக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை டிவியில் பார்த்ததிலிருந்தே, அதிலிருந்து இறங்கி ஊர்ந்த பிரக்யான் ரோவர் வண்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது அவளுக்கு. ஏழாம் வகுப்பு வந்ததும், "நாமளே ஒண்ணு செய்யலாம் தாத்தா, உங்ககிட்டதான் ஸ்பேனர், சால்டரிங் எல்லாம் இருக்கே" என்றாள். பிரக்யானுக்கு ஆறு சக்கரம், எடை 26 கிலோ, வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். எங்கள் கோலிவாடா வீட்டின் ஹாலில் ஆறு சக்கரம் ஒத்துவரவில்லை. ஆறு மோட்டாருக்கான கரண்ட்டை நாங்கள் வாங்கிய டிரைவர் போர்டு தாங்காது என்பது ஒரு காரணம். என் முழங்கால் தரையில் அவ்வளவு நேரம் தாங்காது என்பது இன்னொரு காரணம். நான்கு சக்கரத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

சாமான் வாங்கப் போனதே எனக்குப் புதிதாக இருந்தது. வயரிங்காரனுக்கு மும்பையில் கடைத்தெரு என்றால் லோஹார் சால்தான். இந்தச் சாமானெல்லாம் கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும். தாதரில் ரயில் மாறிப் போய் வாங்கினோம்: பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிறப் பி.ஓ. மோட்டார் நான்கு, சக்கரம் நான்கு, வண்டிக்கு மூளையாக அர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, அந்த மூளை சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க L298N மோட்டார் டிரைவர் ஒன்று, எதிரே சுவர் வருகிறதா என்று பார்க்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். சட்டத்துக்கு நான் எதையும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த 20 எம்எம் பிவிசி கண்டூட் பைப்பும் கேசிங் பட்டையும் போதும் என்றேன். அது நல்ல முடிவு. பைப்பை அறுப்பது சுலபம், மாற்றி அமைப்பதும் சுலபம். பின்னால் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தபோது ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அந்த மஞ்சள் மோட்டாரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வயர் இணைக்கும் இரண்டு செம்புத் தகடும் காகிதம் போல இருக்கும். என் பையில் இருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை அதில் முறுக்கினேன். கனமான வயர் தகட்டையே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு 0.5 மல்டிஸ்ட்ராண்ட் வயர் போதும். சால்டர் வைத்த பிறகு வயரை மோட்டார் உடம்போடு ஒரு கேபிள் டையால் கட்டிவிட வேண்டும், இழுப்பு தகட்டுக்குப் போகாது.

முதல் ஓட்டத்துக்குச் சதுரமான 9 வோல்ட் பேட்டரியைப் போட்டோம். படங்களில் எல்லாம் அதைத்தான் காட்டுகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார்கள் லேசாக முனகின. சக்கரம் அசையவில்லை. மீட்டரை எடுத்துப் பேட்டரியை அளந்தேன், 9.3 வோல்ட். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, போர்டுலதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்று மாலை முழுவதும் போர்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வெட்கமாக இருந்த இடம் இதுதான், ஏனென்றால் என் தொழிலில் இது அரிச்சுவடி. ஒரு பாயிண்ட்டில் டெஸ்டர் எரிந்தாலும் ஃபேன் சுற்றாத வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஒரு ஜாயின்ட் கருகி, நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். டெஸ்டருக்குத் தேவையான துளிக் கரண்ட் அதன் வழியாக வந்துவிடும், ஃபேனுக்குத் தேவையானது வராது. அதனால்தான் பழைய ஆட்கள் ஹோல்டரில் 100 வாட் பல்பு ஒன்றை மாட்டி வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்த பாயிண்ட்டில் பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் சப்ளை இருக்கிறது என்று அர்த்தம். மீட்டரும் டெஸ்டர் போலத்தான், பேட்டரியிடமிருந்து எதையும் கேட்பதில்லை. கேட்காதவரை பலவீனமான பேட்டரியும் நல்ல வோல்ட்டைக் காட்டக்கூடும்.

மறுநாள் பேத்தியிடம் மீட்டர் முனைகளைப் பேட்டரியில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன். 9.3 இருந்தது சரசரவென்று இறங்கி 4 வோல்ட் பக்கம் வந்து நின்றது. அந்தச் சதுரப் பேட்டரிக்குள் இருப்பவை ஆறு சின்னச் சின்ன செல்கள். அதன் உள் தடை அதிகம். ஸ்மோக் அலாரம், மீட்டர் மாதிரி கொஞ்சமாகக் குடிக்கும் சாமானுக்கு அது சரி. ஒரு பி.ஓ. மோட்டார் சும்மா சுற்றும்போது 200 மில்லி ஆம்பியர் அளவில்தான் எடுக்கும், ஆனால் புறப்படும்போதும் மாட்டிக்கொள்ளும்போதும் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். நான்கு சேர்ந்து கேட்டால் அந்தப் பேட்டரி என்ன செய்யும்?

அதனால் 18650 லித்தியம் செல் இரண்டை வரிசையாகப் போட்டோம். முழுதாக ஏற்றினால் 8.4 வோல்ட், சராசரி 7.4. இதை வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்கள் கடைகளில் தொங்குகின்றன. அந்த அளவு உருளையில் இன்று கிடைக்கும் நல்ல செல்லே 3500 பக்கம்தான். கையில் எடுத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் அளவுக்குக் கனமாக இருக்கும். லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இந்தச் செல்களைப் பற்றி என் போன்றவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஷாக் அடிக்காது என்பதால் நமக்குப் பயம் வராது. ஷார்ட் ஆனால் 8 வோல்ட்டே வயரைப் பழுக்க வைத்துவிடும். எனக்கு அது இரண்டாவது நாளே புரிந்தது. ஏசி கரண்ட்டில் பல்புக்கு எந்த வயர் எந்தப் பக்கம் போனாலும் எரியும், அந்தக் கை பழக்கத்தில் டிரைவர் போர்டுக்குப் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தேன். புகை வந்தது. பேத்தி சுவிட்சை அணைத்துவிட்டு, "தாத்தா, சிவப்பு வயர், கறுப்பு வயர்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றாள். போர்டு போச்சு. புது போர்டு வாங்கியபோது பேட்டரிப் பிளஸ்ஸில் 5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றையும், ஒரே பக்கமாக மட்டும் செருகக்கூடிய கனெக்டர் ஒன்றையும் போட்டேன். கிட்-காட் ஃபியூஸ் போடாமல் ஒரு வீட்டுக்கு லைன் கொடுப்பேனா? இங்கே ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் வண்டி ஓடியது. ஹாலின் மொசைக் தரையில் நேராகப் போனது, சுவரைக் கண்டு நின்றது, திரும்பியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேலரியில் கூடிவிட்டார்கள். இடத்துக்காக வண்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் உண்மையான கோளாறு ஆரம்பித்தது.

மாடியில் நேராக ஓடும். திரும்ப முயலும். சட்டென்று செத்துவிடும். இரண்டு நொடி கழித்துத் தானாக உயிர் வந்து, மறுபடி நேராக ஓடும். மறுபடி திரும்பும்போது அதே கதை. பேத்தி புரோகிராமில்தான் தப்பு என்று மடிக்கணினியை எடுத்து வந்து யுஎஸ்பி கேபிளைச் செருகினாள். கேபிள் செருகியதும் வண்டி ஒழுங்காகத் திரும்பியது. கழற்றினால் சாகிறது, செருகினால் பிழைக்கிறது. "பேய் பிடிச்சிருக்கு" என்றாள் அவள் பாட்டி.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ரோவர் கட்டும் பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் இணைப்பு இப்படி: பேட்டரியின் 7.4 வோல்ட் L298N போர்டுக்குப் போகிறது. அந்தப் போர்டில் 5 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து அர்டுயினோவுக்குச் சப்ளை. ஒரே பேட்டரி, ஒரே வழி. மோட்டார் கரண்ட்டை உறிஞ்சும் நொடியில் பேட்டரி வோல்ட் இறங்குகிறது. ரெகுலேட்டர் 5 வோல்ட் கொடுக்க அதற்கு மேலே ஏறக்குறைய 2 வோல்ட் அதிகம் வேண்டும். அது கிடைக்காதபோது அர்டுயினோவின் சப்ளையும் சரிகிறது, போர்டு ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்குகிறது. யுஎஸ்பி கேபிளைச் செருகும்போது மூளைக்குச் சப்ளை கணினியிலிருந்து வந்துவிடுகிறது, அதனால் கோளாறு ஒளிந்துகொள்கிறது. இரண்டு சப்ளையையும் ஒன்றாகக் கொடுப்பது போர்டுக்கும் கணினிக்கும் நல்லதல்ல என்பது வேறு விஷயம்.

ஆனால் இது ரீசெட்தான் என்று எப்படி உறுதி செய்வது? மீட்டரை வைத்துப் பார்த்தேன், திரும்பும்போது 6.8 காட்டியது. அவ்வளவு மோசமில்லையே என்று தோன்றியது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கிற சரிவு அதற்குத் தெரியாது. கணினியில் செய்தி வரவழைத்துப் பார்க்கலாம் என்றால், கேபிள் செருகியதும் நோயே மறைந்துவிடுகிறது. கடைசியில் பேத்திதான் வழி கண்டுபிடித்தாள். போர்டிலேயே 13-ஆம் பின்னில் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. புரோகிராம் தொடங்கும் இடத்தில் அதை இரண்டு நொடி எரிய வைத்தாள்.

```
void setup() {
  pinMode(13, OUTPUT);
  digitalWrite(13, HIGH);
  delay(2000);
  digitalWrite(13, LOW);
}
```

புரோகிராமின் மற்ற வேலைகள் இதற்குப் பிறகு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கு மறுபடி எரியக் கூடாது. எரிந்தால் போர்டு செத்துப் பிழைத்திருக்கிறது என்று பொருள். மாடியில் விட்டோம். ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்கு எரிந்தது. புரோகிராமில் தப்பில்லை, சப்ளையில்தான்.

ஹாலில் ஓடியது மாடியில் ஏன் சாகிறது? எங்கள் வண்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இடப்பக்கச் சக்கரங்களை முன்னாலும் வலப்பக்கச் சக்கரங்களைப் பின்னாலும் சுற்றவிட்டால் வண்டி நின்ற இடத்தில் திரும்பும். அப்படித் திரும்பும்போது சக்கரங்கள் உருள்வதோடு பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டும் போகின்றன. மொசைக்கில் வழுக்கிவிடும். மாடியின் சொரசொரப்பான சிமென்ட்டில் ரப்பர் சக்கரம் பிடித்துக்கொள்ளும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியோடு வரிசையில் இணைத்து அளந்தோம். நேராக ஓடும்போது முக்கால் ஆம்பியர். ஹாலில் திரும்பும்போது ஒன்றரை. மாடியில் திரும்பும்போது மூன்றை நெருங்கியது.

(அளந்து முடித்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிச் செருக மறந்து, பேத்தி அப்படியே பேட்டரியின் வோல்ட்டை அளக்கப் போனாள். பொறி பறந்தது. ஆம்பியர் துளையில் மீட்டர் வெறும் வயர் மாதிரி, பேட்டரிக்கு அது ஷார்ட். பேட்டரி ஃபியூஸ் எரிந்து எங்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து ஆம்பியர் அளந்தவுடன் சிவப்பு முனையைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மறுவேலை.)

தரை ஒரு பாதி. மறுபாதி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மில்லில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிற்கவிடாமல் அப்படியே எதிர்த்திசைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால், எந்தப் பழைய வயர்மேனும் தலையில் அடித்துக்கொள்வான். சுற்றுகிற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்குகிறது. சாதாரணமாக அது சப்ளையை எதிர்த்து நின்று கரண்ட்டைக் கட்டுப்படுத்தும். திசையைச் சட்டென்று மாற்றினால் அதே வோல்ட் சப்ளையோடு சேர்ந்துகொள்ளும். மோட்டார் நின்ற நிலையில் புறப்பட எடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஒரு கணம் பாயும். எங்கள் புரோகிராம் செய்தது இதைத்தான். சுவரைக் கண்டதும், முன்னால் ஓடிக்கொண்டிருந்த வலப்பக்க மோட்டார் இரண்டையும் ஒரே வரியில் பின்னால் சுற்றச் சொன்னது.

இவ்வளவு தெரிந்தும் நான் முதலில் செய்த வைத்தியம் சிரிப்பானது. சப்ளை சரிந்தால் கண்டென்சர் போட வேண்டும் என்று தெரியும். பையில் இருந்தது ஃபேன் கண்டென்சர், 2.5 மைக்ரோஃபாரட். பெரிய டப்பாவாக இருந்ததால் பெரிய வேலை செய்யும் என்று நினைத்துப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அதன் உடம்பு பெரிதாக இருப்பது 440 வோல்ட்டைத் தாங்குவதற்கு. இங்கே வேண்டியது குறைந்த வோல்ட்டில் ஆயிரம் மைக்ரோஃபாரட். சுண்டுவிரல் அளவு எலக்ட்ரோலிட்டிக் ஒன்று அதைக் கொடுத்துவிடும். அதற்கும் பிளஸ் மைனஸ் உண்டு, மாற்றிப் போட்டால் வெடிக்கும். 16 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை டிரைவர் போர்டின் சப்ளை முனையிலேயே போட்டோம். சாவது குறைந்தது, நிற்கவில்லை.

அடுத்து, மூளைக்குத் தனிச் சப்ளை. மோட்டாரை இழுக்க முடியாத அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி இதற்குச் சரியாக இருந்தது. அர்டுயினோவும் சென்சாரும் சேர்ந்து நூறு மில்லி ஆம்பியர்கூட எடுக்காது. பவர் பேங்க் போடலாமே என்று என் மருமகன் கேட்டார். பல பவர் பேங்குகள் இவ்வளவு கொஞ்சமாகக் குடித்தால் சாமான் எதுவும் செருகவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். அதனால் 9 வோல்ட்டை ஊனோவின் Vin பின்னில் கொடுத்தோம். டிரைவர் போர்டிலிருந்து வந்த 5 வோல்ட் வயரைக் கழற்றினேன். கூடவே அதன் கறுப்பு வயரையும் கழற்றிவிட்டேன்.

அதோடு வண்டி அடியோடு நின்றது. சில நேரம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் துடிக்கும், அவ்வளவுதான்.

கறுப்பு வயரை நான் தெரிந்தேதான் கழற்றினேன். வீட்டு வயரிங்கில் இரண்டு தனி சர்க்யூட்டின் நியூட்ரலைக் கலக்கவே கூடாது. கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஆர்சிசிபி தனித்தனியாக இருக்கிற வீட்டில் கலந்தால், ஒன்றின் வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்பி, கணக்கு ஒத்துவராமல் டிரிப் ஆகிவிடும். இரண்டு சப்ளையென்றால் இரண்டு நியூட்ரல். எத்தனையோ பையன்களுக்கு இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

மீட்டரை எடுத்தேன். அர்டுயினோவின் பின்னில் அளந்தால் 5 வோல்ட் வருகிறது. அதே வயர் டிரைவர் போர்டில் கட்டளை வாங்கும் IN1 முனையில் போய்ச் சேர்கிறது, வயர் அறுந்திருக்கவில்லை. "அஞ்சு வோல்ட் போகுது பாப்பா, டிரைவர்தான் வாங்கிக்க மாட்டேங்குது" என்றேன்.

"எதுலேர்ந்து அஞ்சு தாத்தா?"

"அர்டுயினோ கிரவுண்டுலேர்ந்து."

"டிரைவருக்கு அர்டுயினோ கிரவுண்ட் எங்கன்னு தெரியுமா?"

மீட்டரின் கறுப்பு முனையை டிரைவர் போர்டின் GND-இல் வைத்துவிட்டு, சிவப்பு முனையால் அதே IN1-ஐத் தொட்டாள். எண் நிலையில்லாமல் அலைந்தது. ஐந்தும் இல்லை, பூஜ்யமும் இல்லை.

வோல்ட் என்பது எப்போதும் இரண்டு புள்ளிக்கு இடையில் இருப்பது. எனக்குத் தெரியாததில்லை. ஆனால் என் தொழிலில் இரண்டாவது புள்ளியைப் பற்றி யோசிக்கவே தேவை வந்ததில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். அதனால் எந்த வீட்டில் நின்று டெஸ்டரை வைத்தாலும் அடுத்த புள்ளி என் காலடியிலேயே இருக்கும். பேட்டரிக்கு மண்ணோடு எந்த உறவும் கிடையாது. இரண்டு பேட்டரியின் மைனஸும் ஒன்றோடொன்று இணையாவிட்டால், ஒன்றின் ஐந்து வோல்ட்டுக்கு மற்றொன்றிடம் அர்த்தமே இல்லை. கழற்றிய கறுப்பு வயரை மட்டும் மறுபடி போட்டோம். பிளஸ் தனித்தனி, மைனஸ் ஒன்று. வண்டி ஓடியது.

இப்போது மூளை சாகவில்லை. ஆனால் மாடியில் திரும்பும்போது இன்னும் திணறியது, டிரைவர் போர்டின் கறுப்பு ஹீட்சிங்க் கை வைக்க முடியாத சூடு. மூளையைக் காப்பாற்றினோமே ஒழிய, மோட்டார் கேட்கும் கரண்ட் குறையவில்லை. அதை இரண்டு வழியில் குறைத்தோம்.

ஒன்று, மில்லில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் செய்கிற வேலை. திசை மாற்றும் முன் கால் நொடி நிறுத்தி, பிறகு மெல்ல வேகம் ஏற்றுவது. L298N-இல் ENA, ENB என்ற இரண்டு முனைகளில் சின்னப் பிளாஸ்டிக் தொப்பிகள் மாட்டியிருக்கும். அவை இருக்கும்வரை மோட்டார் முழு வேகத்தில்தான் ஓடும். அவற்றைக் கழற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க அர்டுயினோவில் ~ குறி போட்ட 5, 6 பின்களுக்கு வயர் கொடுத்தோம். திருப்பும் பகுதியில் பேத்தி எழுதியது இது:

```
analogWrite(ENA, 0);
analogWrite(ENB, 0);
delay(250);
setTurnRight();   // IN1–IN4
for (int v = 80; v <= 200; v += 10) {
  analogWrite(ENA, v);
  analogWrite(ENB, v);
  delay(20);
}
```

80-இல் தொடங்கக் காரணம், அதற்குக் கீழே எங்கள் மோட்டார்கள் முனகும், சுற்றாது. இது ஒவ்வொரு வண்டிக்கும் மாறும், தரையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி சட்டத்தில். பிரக்யான் மாதிரி நீளமாகத் தெரிய வேண்டும் என்று முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தோம், அகலம் 16. நின்ற இடத்தில் திரும்புகிற வண்டிக்கு இது நேர்மாறான அமைப்பு. நீளம் கூடக் கூடச் சக்கரம் பக்கவாட்டில் தேய்க்கும் தூரம் கூடும். அகலம் கூடக் கூடத் திருப்புவதற்கான நெம்புகோல் பலம் கூடும். கண்டூட்டை அறுத்து நீளத்தை 16 ஆக்கி, அகலத்தை 20 ஆக்கினோம். அழகு போய்விட்டது என்று பேத்தி முகம் சுளித்தாள். மாடியில் அளந்தபோது திரும்பும் கரண்ட் இரண்டு ஆம்பியருக்குக் கீழே வந்துவிட்டது. ஹீட்சிங்க்கில் கை வைக்க முடிந்தது. முகம் சரியாகிவிட்டது.

அதே சமயத்தில் மோட்டார் பக்கம் போகும் மெல்லிய ஜம்பர் வயர்களையும் எடுத்துவிட்டேன். அந்த வயரின் இரண்டு முனைக்கும் இடையே, திரும்பும்போது அளந்தால், அரை வோல்ட் பக்கம் காட்டியது. 230-இல் அரை வோல்ட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். இங்கே L298N தன் பங்குக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிட்டு மோட்டாருக்கு ஐந்தரைதான் கொடுக்கிறது. அதில் அரை போனால் வண்டிக்குத் தெரியும். சிக்னலுக்கு மட்டும் ஜம்பர், சப்ளைக்கு 0.5 வயரும் திருகு முனையும்.

இப்போது பேத்தி கை வைத்திருப்பது பேட்டரிக் காவலில். லித்தியம் செல் ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கீழே போவது நல்லதல்ல, அதனால் கொஞ்சம் முன்னாலேயே, இரண்டும் சேர்ந்து 6.4-க்கு வந்ததும் வண்டி தானே நிற்க வேண்டும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகப் போட்டு, நடுப்புள்ளியை, அர்டுயினோவில் வோல்ட்டை அளக்கும் A0 பின்னுக்குக் கொடுத்திருக்கிறாள். 8.4 வோல்ட் பாதியாகி 4.2 ஆக உள்ளே போகும், போர்டு தாங்கும். முதல் நாளே, பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போது வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றுவிட்டது. திரும்பும்போது இறங்குகிற வோல்ட்டைப் பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது.

"நின்ன பிறகு அளந்தா சரியாயிடும் தாத்தா" என்றாள்.

"நின்னா எந்தப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான்" என்றேன்.

அரை மணி நேரம் வாதாடினோம். நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அளப்பது, பத்து அளவீட்டின் சராசரியை எடுப்பது, மூன்று தடவை தொடர்ந்து 6.4-க்குக் கீழே வந்தால்தான் நிறுத்துவது என்று முடிவானது. பத்தா இருபதா என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.